மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படிப்பவருக்கு எழுதும்போது வாக்கியத்தை எவ்வளவு வெட்டலாம்?

வேம்பு:
வேற்று மொழிக்காரர் ஒருவருக்குத் தமிழிலேயே எழுதி அனுப்புகிறேன். அவர் அதை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படிப்பார். எல்லா வாக்கியத்தையும் நாலைந்து சொல்லாக வெட்டிவிட்டால் போதுமா? அனுப்ப வேண்டியது இது:

"நீங்கள் போன வாரம் அனுப்பிய பம்ப் வந்து சேர்ந்தது, ஆனால் மூடியில் விரிசல் இருந்ததால் திருப்பி அனுப்பலாமென்று பார்த்தேன், செலவை யார் ஏற்பது என்று தெரியாமல் இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன், சொன்னால் அனுப்பிவிடுவேன்."

மூங்கில்:
போதும். கருவி தடுமாறுவது நீளத்தில்தான். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. 20 சொல் தாண்டி வினை வந்தால் எது எதோடு சேரும் என்று அதற்குப் பிடிபடாது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை, அதிகபட்சம் 6 சொல். இப்படி எழுதுங்கள்:

"பம்ப் வந்தது. மூடியில் விரிசல் இருந்தது. திருப்பி அனுப்பலாம். செலவு தெரியவில்லை. இன்னும் பிரிக்கவில்லை. சொன்னால் அனுப்புவேன்."

தச்சன்:
மூங்கில், நீளம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் வெட்டிய பிறகு வந்திருப்பது முதலில் இருந்ததைவிட மோசம். நீளமான வாக்கியத்தில் "நீங்கள்" ஒரு தடவையாவது இருந்தது, கடைசியில் "அனுப்பிவிடுவேன்" என்ற வினை "நான்" என்பதைக் காட்டியது. நீங்கள் வெட்டியதில் செய்பவர் பாதி இடங்களில் காணாமல் போய்விட்டார்.

தமிழில் "அனுப்பினேன்" என்றால் யார் என்று வினையே சொல்லும். அதனால் "நான்" எழுதாமலே பழகிவிட்டோம். ஆனால் எல்லா வினையும் அப்படி இல்லை. "பிரிக்கவில்லை" என்பதைப் பாருங்கள். நான் பிரிக்கவில்லை, நீங்கள் பிரிக்கவில்லை, அவர்கள் பிரிக்கவில்லை, எல்லாவற்றுக்கும் அதே வடிவம். "அனுப்பலாம்", "அனுப்ப வேண்டும்", "அனுப்பக் கூடாது", "அனுப்ப முடியாது" எல்லாமே இப்படித்தான். "சொன்னால்", "தெரியாமல்" ஆகியவற்றிலும் ஆள் இல்லை. ஆங்கிலம் போன்ற சில மொழிகளில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. ஆகவே கருவி யாரையாவது போட்டே ஆகவேண்டும். "திருப்பி அனுப்பலாம்" என்பது உங்கள் நண்பருக்கு "நீங்கள் திருப்பி அனுப்பிக்கொள்ளலாம்" என்றுகூடப் போகும். அவர் குழம்பிப்போவார், அல்லது எதையும் கேட்காமல் தப்பாகப் புரிந்துகொண்டு வேலையைச் செய்துவிடுவார். இரண்டாவதுதான் ஆபத்து.

என் யோசனை: ஆளைக் காட்டாத வினை வரும் இடங்களில் எல்லாம் "நான்", "நீங்கள்" என்று தவறாமல் எழுதுங்கள். ஆளைக் காட்டும் வினையில் அது கட்டாயம் இல்லை, எழுதினாலும் கெடுதல் இல்லை.

நத்தை:
எனக்கு இதேபோல் வெளியிலிருந்து செய்திகள் வருகின்றன, கருவியில் போட்டால் பாதி புரிவதில்லை. நான் எழுதும் பதிலை நானே ஆங்கிலத்துக்கு மாற்றி, அந்த மொழிபெயர்ப்பை மட்டும் அனுப்பினால் என்ன? வேம்பும் அதையே செய்யலாமே.

ஆழி:
நத்தை, அது வேறு கேள்வி. ஆனாலும் சொல்கிறேன்: அந்த ஆங்கிலத்தை அவர் தன் மொழிக்கு மறுபடி மாற்றினால் இரண்டு பெயர்ப்புகளின் பிழையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அப்படி அனுப்புவதானால் கீழே தமிழ் மூலத்தையும் சேர்த்து வையுங்கள். சந்தேகம் வந்தால் அவர் அதைத் தனியாகப் போட்டுப் பார்க்க முடியும்.

மூங்கிலின் 6 சொல் விதி எனக்கு ஒப்பவில்லை. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்று எளிய ஆங்கில விதித்தொகுப்பு ஒன்று உண்டு. அதிலேயே செயல்முறை வாக்கியத்துக்கு 20 சொல், விளக்க வாக்கியத்துக்கு 25 சொல் வரை அனுமதி. 6 என்பது எங்கிருந்து வந்தது? விரிசலுக்கும் திருப்பி அனுப்புவதற்கும் இடையே உள்ள காரணத்தை நீங்கள் அறுத்துவிட்டீர்கள். விரிசலால்தான் திருப்பி அனுப்புகிறார் என்பது அந்த ஆறு துண்டுகளில் எங்கேயும் இல்லை.

மூங்கில்:
காரணம் அடுத்தடுத்து வைத்தாலே புரியும். படிப்பவரும் மனிதர்தானே. அந்த 20 சொல் ஆங்கிலத்துக்கானது. தமிழில் "அனுப்பிவிடுவேன்" ஒரே சொல், ஆங்கிலத்தில் அது மூன்று, நான்கு சொல் ஆகும். 6 தமிழ்ச் சொல் அங்கே 12, 15 ஆகிவிடும்.

தச்சன்:
இதில் மூங்கில் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆங்கில எண்ணிக்கையை அப்படியே தமிழுக்கு எடுக்க முடியாது. நான் சொல்லை எண்ணுவதில்லை. "-உ", "-இ" என்று முடியும் எச்சங்களை எண்ணுவேன்: வந்து, பார்த்து, கேட்டு, அனுப்பி. ஒரு வாக்கியத்தில் ஒன்று இருந்தால் சரி. மூன்றாவது வந்தால் வெட்ட வேண்டும், ஏனென்றால் அந்த மூன்றையும் செய்தது ஒரே ஆளா என்பது கருவிக்கு உறுதியாகத் தெரியாது.

ஆனால் காரணம் பற்றி ஆழி பக்கமே நிற்கிறேன். "அதனால்", "ஆனால்", "பிறகு" ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு சொல். அவற்றைச் சேமித்து எந்த லாபமும் இல்லை. வாக்கியத்தை வெட்டினாலும் அடுத்ததை "அதனால்" என்று தொடங்கலாம்.

வேம்பு, உங்கள் செய்தியைத் துண்டு துண்டாகப் பார்ப்போம். "அனுப்பலாமென்று பார்த்தேன்" என்பதில் "பார்த்தேன்" கண்ணால் பார்த்ததாகப் போகலாம். "விரும்புகிறேன்" என்று மாற்றுங்கள். "விரிசல் இருந்ததால்" என்பது கடந்த காலம். இப்போது விரிசல் இல்லை என்றும் படிக்கலாம். "இருக்கிறது" போதும். "போன வாரம்" என்பதைவிடத் தேதி நல்லது. மாதத்தைப் பெயராக எழுதுங்கள்; 04/05 என்று போட்டால் ஏப்ரலா மே மாதமா என்று நாட்டுக்கு நாடு மாறும். "இன்னும் பிரிக்காமல்" என்றால் பெட்டியை இன்னும் திறக்கவில்லை என்றுதானே?

வேம்பு:
இல்லை. பெட்டியைத் திறந்துவிட்டேன், அதனால்தான் விரிசல் தெரிந்தது. பம்பைக் கழற்றவில்லை என்பதையே அப்படி எழுதினேன். கழற்றினால் அவர்கள் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தச்சன்:
தமிழ் படிக்கும் எனக்கே இரண்டு பொருள் வந்தது என்றால் கருவிக்குச் சொல்லவே வேண்டாம். உங்களுக்கு இதுதான் முக்கியமான விஷயம் என்பதால் இதற்குத் தனி வாக்கியம் கொடுங்கள். இப்படி:

"நீங்கள் மார்ச் 12 அன்று அனுப்பிய பம்ப் எனக்குக் கிடைத்தது. நன்றி. நான் பெட்டியைத் திறந்தேன். பம்பின் மூடியில் ஒரு விரிசல் இருக்கிறது. அதனால் நான் இந்தப் பம்பைத் திருப்பி அனுப்ப விரும்புகிறேன். நான் பம்பின் பாகங்களைக் கழற்றவில்லை. திருப்பி அனுப்பும் செலவை யார் கொடுப்பார்கள்? நீங்களா, நானா? உங்கள் பதில் கிடைத்ததும் நான் பம்பை அனுப்புவேன்."

தேதியை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். விரிசலின் படம் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். படத்துக்குப் பெயர்ப்பு வேண்டாம்.

ஆழி:
"பம்ப்" ஐந்து தடவை, "நான்" நான்கு தடவை வந்திருக்கிறது. தமிழில் இப்படி யாரும் எழுத மாட்டார்கள். இரண்டாம் தடவையிலிருந்து "அது", "அதை" என்று போகலாமே.

தச்சன்:
போகலாம், அவர் வைத்திருக்கும் கருவி முழுப் பத்தியையும் சேர்த்துப் பார்க்கும் என்றால். சில கருவிகள் வாக்கியத்துக்கு வாக்கியம் தனித்தனியாகப் பெயர்க்கின்றன. அப்போது "அதை" என்பது பம்பா, மூடியா, பெட்டியா என்பது போய்விடும். ஆண்பால் பெண்பால் உள்ள மொழியில் பம்புக்கு ஒன்று, மூடிக்கு வேறு என்று இருக்கலாம். தவறான பால் விழுந்தால் படிப்பவர் மூடியை மட்டும் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று நினைக்கலாம். அவரிடம் எந்தக் கருவி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அவர் தமிழைப் படிக்கப் போவதில்லை. நம் தமிழின் அழகு அவரிடம் போய்ச் சேராது.

இன்னொன்று. வாக்கியத்தின் நடுவில் புதிய வரிக்குப் போகாதீர்கள். பல கருவிகள் வரி முறிவை வாக்கிய முடிவாக எடுத்துக்கொள்ளும். கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு வரியும் உடைந்து வருவது இதில்தான் சிக்கும். "திரு.", "கி.மீ." போன்ற சுருக்கப் புள்ளிகளும் வாக்கியத்தை அங்கேயே வெட்டிவிடக் கூடும். சுருக்காமல் முழுதாக எழுதுங்கள்.

மூங்கில்:
இவ்வளவு எதற்கு? எழுதியதைக் கருவியில் போட்டு, வந்ததைத் திரும்பத் தமிழாக்கிப் பார்த்தால் பிழை தெரிந்துவிடும்.

தச்சன்:
சில பிழை தெரியும். நாம் பேசிக்கொண்டிருக்கும் பிழை தெரியாது. "இன்னும் கழற்றவில்லை" என்று போடுங்கள். கருவி "அவர் கழற்றவில்லை" என்று தவறாகப் பெயர்க்கிறது என்று வையுங்கள். அதைத் திரும்பத் தமிழாக்கும்போது "அவர்" விடுபட்டால் மறுபடி "கழற்றவில்லை" என்றே வரும். போனதும் வந்ததும் ஒன்றாக இருக்கும், நடுவில் இருக்கும் தவறு மறைந்துவிடும். உங்களுக்குப் படிக்கத் தெரிந்த வேறொரு மொழிக்குப் பெயர்த்து, அங்கேயே நின்று யார் எதைச் செய்தார் என்று பாருங்கள். பல மொழி இணைகளுக்குக் கருவிகள் நடுவில் ஆங்கிலம் வழியாகவே போகின்றன. எனவே ஆங்கிலம் படிக்க முடிந்தால் அங்கே சரிபார்ப்பது பெரும்பாலும் பயன்படும்.

ஆழி:
அது ஏற்கத்தக்கது. ஆனால் "யார் கொடுப்பார்கள்? நீங்களா, நானா?" என்பது எனக்கு உறுத்துகிறது. நம் "நீங்கள்" ஆங்கிலம் வழியாகப் போனால் மரியாதை கழன்றுவிடும். எதிர்ப்பக்கம் மரியாதை வடிவம் உள்ள மொழி என்றால், நெருக்கமான வடிவம் விழுந்து, கேள்வி சண்டைபோல் தெரியும். "செலவு பற்றிச் சொல்ல முடியுமா?" என்று கேட்டால் என்ன?

தச்சன்:
"முடியுமா" என்பது வேண்டுகோளாகவும் போகலாம், இயலுமா என்ற கேள்வியாகவும் போகலாம். இரண்டாவதாகப் போனால் "முடியும்" என்று மட்டும் பதில் வரும். "தயவுசெய்து சொல்லுங்கள்" பாதுகாப்பானது.

ஆழி:
கட்டளை வடிவத்துக்கு முன்னால் "தயவுசெய்து" போட்டாலும் சில மொழிகளில் கடுமை போவதில்லை. நான் "முடியுமா"வையே வைப்பேன்.

வேம்பு:
தச்சன் எழுதியதை எடுத்துக்கொள்கிறேன், "அதனால்" உள்பட. செலவு வரியை மட்டும் "திருப்பி அனுப்பும் செலவை நீங்கள் கொடுப்பீர்களா?" என்று ஒரே கேள்வியாக மாற்றியிருக்கிறேன். ஆமாம், இல்லை என்று சொன்னாலே எனக்குப் போதும்.

மூங்கில்:
இதைத்தான் நான் ஆறு சொல்லில் கேட்கச் சொன்னேன். ஐந்தில் வந்துவிட்டது.