165, 166, 167, 168: புரோநோட்டு வட்டிக்கு எந்த நாள் கணக்கு சரி?

கெடிலக்கரை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் முதலாளி 31-10-2023 அன்று தெரிந்தவர் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து 2,00,000 ரூபாய் கடன் வாங்கினார். ஆண்டுக்கு நூற்றுக்கு 12 ரூபாய், தனிவட்டி. சித்திரை முதல் நாளுக்கு மறுநாள், அதாவது 15-04-2024 அன்று, அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வட்டியைக் கணக்குப் பார்த்துப் பிறகு தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்ததுதான் வினையாகிவிட்டது.

நான் விரல்விட்டு எண்ணினேன். நவம்பர் 30, டிசம்பர் 31, ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 15. மொத்தம் 166 நாள், வட்டி ரூ.10,915.07. கடையில் பழைய எக்செல் கோப்பு ஒன்று இருக்கிறது. அதில் போட்டால் சரியாக ரூ.11,000 வருகிறது. கடன் கொடுத்தவரின் கணக்குப்பிள்ளையோ 168 நாள், ரூ.11,046.58 என்று சீட்டு அனுப்பியிருக்கிறார். மூன்றில் எதை முதலாளியிடம் கொண்டு போவது? கோப்பில் இருக்கும் சூத்திரம் இது. A2 கடன் தேதி, B2 திருப்பிய தேதி, C2 அசல்:

```
=C2*12%*YEARFRAC(A2,B2)
```

முத்தியால்பேட்டை

2024 லீப் ஆண்டு. பிப்ரவரிக்கு 29 நாள். அதை விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். 167 நாள். லீப் ஆண்டு என்பதால் 365-க்குப் பதில் 366-ஆல் வகுக்க வேண்டும். சூத்திரத்தில் B2-க்குப் பிறகு, அடைப்புக்குறிக்குள்ளேயே `,1` சேர்த்துப் பாருங்கள், எக்செலே 366-ஆல் வகுத்து ரூ.10,950.82 என்று கொடுக்கும். முடிந்தது வேலை.

நெல்லித்தோப்பு

எனக்கும் இதே பிரச்சினை. 29-02-2024 அன்று ஒரு வங்கியில் ஓராண்டு வைப்பு போட்டேன். ரசீதில் முதிர்வு 28-02-2025 என்று இருக்கிறது. 29-ஆம் தேதிக்கு உரிய ஒரு நாள் வட்டியை விழுங்கிவிட்டார்களா? கடலூர்க்காரருக்கு நடந்ததும் இதுதானே?

பேரேடு

கூட்டுறவு நாணயச் சங்கத்தில் முப்பது ஆண்டு வட்டி போட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன். முதலில் நாளைச் சரிபார்த்துக்கொள்வோம். எதால் வகுப்பது என்பது பிறகு. இரண்டையும் சேர்த்துப் பேசினால் சண்டை தீராது.

கெடிலக்கரை தம்பி, சுவரில் இருக்கும் தினசரி காலண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 31-10-2023 செவ்வாய்க்கிழமை. 15-04-2024 திங்கட்கிழமை. செவ்வாயிலிருந்து திங்களுக்கு ஆறு நாள். ஆகவே நாள் எண்ணிக்கையை 7-ஆல் வகுத்தால் மீதி 6 வர வேண்டும். 167-ஐ வகுத்தால் 23 வாரம் போக மீதி 6. உங்கள் 166-க்கு மீதி 5, அது ஞாயிற்றுக்கிழமையில் போய் நிற்கும். கணக்குப்பிள்ளையின் 168 சரியாக 24 வாரம், அது மறுபடியும் செவ்வாய். அசலைக் கொடுத்த நாள் திங்கள் என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகம் இல்லையே. எக்செலில் பார்க்க வேண்டுமானால் `=B2-A2` போதும். உள்ளே 31-10-2023 என்பது 45230, 15-04-2024 என்பது 45397. கழித்தால் 167.

அப்படியானால் 11,000 எங்கிருந்து வந்தது? `YEARFRAC`-இல் மூன்றாவது எண் கொடுக்காவிட்டால் அது மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்று எடுத்துக்கொள்கிறது. தொடக்க தேதி 31 என்றால் அதை 30 ஆக்கிவிடும். அக்டோபர் 30-லிருந்து மார்ச் 30 வரை ஐந்து மாதம், பிறகு 15 நாள், ஆக 165. காலண்டரில் இப்படி ஓர் எண்ணிக்கையே கிடையாது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று பேசியிருந்தால் ஐந்தரை மாதத்துக்கு 11,000 என்பது நியாயமான கணக்கு. உங்கள் நோட்டில் என்ன வாசகம் இருக்கிறது என்று அப்படியே எழுதுங்கள்.

ஒதியஞ்சாலை

168 கேட்பதே சட்டவிரோதம். 29-04-2024 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கடன் நிலுவையில் இருந்த நாளுக்கு மட்டும்தான் வட்டி வாங்க வேண்டும். அதைக் காட்டுங்கள், கணக்குப்பிள்ளை வாய் திறக்க மாட்டார்.

பேரேடு

சுற்றறிக்கை வந்தது உண்மை. மாத நடுவில் கொடுத்த கடனுக்கும் அடைத்த கடனுக்கும் முழு மாத வட்டி வாங்கிய நிறுவனங்களைக் கண்டித்துத்தான் அது வந்தது. ஆனால் அது ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இருக்கும் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும். இரண்டு தனி மனிதர்கள் எழுதிக்கொண்ட புரோநோட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனால் கணக்குப்பிள்ளை சிரிப்பார்.

கெடிலக்கரை

நோட்டு வாசகம்: "மேற்படி தொகைக்கு இன்று முதல் நூற்றுக்கு ஆண்டொன்றுக்கு ரூ.12 வீதம் வட்டி சேர்த்து". மாதம் என்ற சொல்லே இல்லை.

கணக்குப்பிள்ளையிடம் கிழமைக் கணக்கைச் சொன்னேன். "நாள் வித்தியாசம் 167 என்பது எனக்கும் தெரியும். கொடுத்த அன்றும் பணம் உங்களிடம் இருந்தது, திருப்பிய அன்று காலையிலும் இருந்தது. இரண்டு நாளையும் சேர்க்க வேண்டாமா?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பேரேடு

அவர் கேள்வி நல்ல கேள்விதான். பதிலை வாதத்தால் சொல்லாமல் கணக்காலேயே சொல்லுங்கள். இதே கடனை 31-12-2023 அன்று அடைத்துவிட்டு, அன்றே அதே தொகையைப் புது நோட்டில் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். பணம் ஒரு நிமிடம்கூட அவர் பெட்டிக்குள் போகவில்லை. இரு முனையும் சேர்த்தால் முதல் நோட்டுக்கு 62 நாள், இரண்டாவதுக்கு 107 நாள், மொத்தம் 169. ஒரே கடன், ஒரே காலம். நடுவில் காகிதம் மாறியதால் ஒரு நாள் கூடிவிட்டது. டிசம்பர் 31-க்கு இரண்டு தடவை வட்டி விழுந்திருக்கிறது. ஒரு முனையை மட்டும் எண்ணினால் 61-ம் 106-ம் சேர்ந்து 167. எங்கே வெட்டினாலும் கூட்டுத்தொகை மாறாத கணக்குதான் சரியான கணக்கு.

இரு முனையும் எண்ணப்படும் என்று நோட்டிலேயே எழுதியிருந்தால் கதை வேறு. உங்கள் நோட்டில் "இன்று முதல்" என்று மட்டுமே இருக்கிறது.

நெல்லித்தோப்பு அம்மா, உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 29-02-2024 முதல் 28-02-2025 வரை கழித்தால் 365. போட்ட நாள் சேரும், எடுக்கும் நாள் சேராது. ஆகவே 29-ஆம் தேதி உங்கள் கணக்குக்குள்தான் இருக்கிறது. முதிர்வை 01-03-2025 என்று போட்டிருந்தால் 366 நாள் ஆகியிருக்கும்.

நெல்லித்தோப்பு

அப்படியானால் 28-02-2024 அன்று போட்டு 28-02-2025 அன்று எடுத்த என் தங்கைக்கு மட்டும் 366 நாளா? ஒரே ஓராண்டு வைப்புதானே!

பேரேடு

ஆமாம், 366. ஒரு நாள் முன்னதாகப் போட்டார், ஒரே நாளில் இருவருக்கும் முதிர்ந்தது. வட்டி நாள் கணக்கிலா, ஆண்டுக் கணக்கிலா என்பதை ரசீதின் பின்பக்கம் பார்க்க வேண்டும்.

முத்தியால்பேட்டை

சரி, 167 என்பதில் எனக்கும் உடன்பாடு. 366 என்ன ஆயிற்று? எக்செல் தவறு என்கிறீர்களா?

பேரேடு

எக்செல் தன் விதிப்படி செய்கிறது. `,1` போட்டால், ஓராண்டுக்கு உட்பட்ட காலத்தில் பிப்ரவரி 29 விழுந்திருந்தால் முழுக் காலத்தையும் 366-ஆல் வகுத்துவிடும். ஆனால் இந்தக் கடனில் 62 நாள் 2023-இல் இருக்கிறது. அது லீப் ஆண்டு இல்லையே, அதற்கு எதற்கு 366? லீப் ஆண்டுக்கு 366 என்று பிடிவாதமாகப் போட வேண்டுமானால் பிரித்துப் போடுங்கள். 2023-க்கு 62 நாள் 365-ஆல், 2024-க்கு 105 நாள் 366-ஆல்:

```
200000*12%*(62/365+105/366) = 10961.96
200000*12%*167/365          = 10980.82
```

வைப்புகளுக்குப் பல வங்கிகள் முதல் வரியைப் போலப் போடுகின்றன. கைக்கடன் நோட்டுகளில் நான் பார்த்த வரை எல்லா ஆண்டுக்கும் 365-தான். வித்தியாசம் ரூ.18.86. இதில் எது சரி என்று நோட்டு சொல்லவில்லை. ஆகவே நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். இரு தரப்பும் பேசி முடிக்க வேண்டியது.

முத்தியால்பேட்டை

"ஆண்டொன்றுக்கு" என்று எழுதியிருக்கும்போது 2024-க்கு ஆண்டு 366 நாள்தான். முழு 2024-க்கும் கடன் இருந்திருந்தால் 365-ஆல் வகுத்து 24,065.75 கேட்பார்களா? நூற்றுக்கு 12 என்றால் 24,000-தானே வர வேண்டும்? பிரித்துப் போடுவதை ஒப்புக்கொள்கிறேன். 365-ஐ ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கெடிலக்கரை

கணக்குப்பிள்ளைக்குக் காட்ட மாதவாரியாக ஓர் அட்டவணை போட்டேன். E2-இல் 31-10-2023; கீழே ஒவ்வொரு வரியிலும் `=EDATE(E2,1)` என்று இழுத்தேன். 30-11, 30-12, 30-01, 29-02, 29-03 என்று வருகிறது. டிசம்பர் 31 எங்கே போயிற்று? கூட்டினால் மட்டும் 167 வந்துவிடுகிறது. அதுதான் இன்னும் குழப்பம்.

பேரேடு

ஒவ்வொரு வரியும் முந்தின வரியைப் பார்க்கிறது. நவம்பரில் 31 இல்லாததால் 30 ஆயிற்று. அதன் பிறகு அதற்கு 31 என்ற நினைவே கிடையாது. பிப்ரவரியில் 29-க்கு இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. முதல் தேதியும் கடைசி தேதியும் மாறாததால் கூட்டல் மட்டும் தப்பித்தது. மாதா மாதம் வட்டி கட்டும் கடனாக இருந்தால் பல தவணைகள் தவறாக இருந்திருக்கும். எல்லா வரியும் முதல் தேதியையே பார்க்கட்டும். E3-இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=EDATE($E$2,ROW()-2)
```

30-11, 31-12, 31-01, 29-02, 31-03 என்று வரும். கடைசி வரியில் 15-04-ஐக் கையால் எழுதுங்கள். நாள்கள் 30, 31, 31, 29, 31, 15.

கெடிலக்கரை

வந்துவிட்டது ஐயா. இன்று மாலை மஞ்சக்குப்பம் போய்க் காட்டினேன். காகிதம் மாறிய கணக்கைக் கேட்டுவிட்டு அந்த 169-ஐ அவரே இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். 168-ஐ விட்டுவிட்டார். ஆனால் 10,980.82-ஐ 11,000 ஆக்கிக் கொடுங்கள் என்கிறார். முதலாளி 10,962-க்கு மேல் கிடையாது என்கிறார். முத்தியால்பேட்டைக்காரர் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டியது என் தவறு.