499-க்கு மேல் டெலிவரி இலவசமா, 15% தள்ளுபடியா?

பொடிக்கடை மீனா, மல்லேஸ்வரம்
இட்லிப் பொடிக்கு இரண்டு விளம்பரம் ஓட்டினேன். ஒவ்வொன்றுக்கும் 2000 கிளிக், கிளிக்குக்கு 3 ரூபாய். 15% தள்ளுபடிக்கு 60 ஆர்டர், எல்லாமே இரண்டு பாக்கெட், டெலிவரிக்கு 60 ரூபாய் அவர்களே கட்டினார்கள். '499-க்கு மேல் டெலிவரி இலவசம்' விளம்பரத்துக்கு 40 ஆர்டர்தான், ஆனால் எல்லாமே மூன்று பாக்கெட். 200 கிராம் பாக்கெட் விலை 180, அடக்கம் 75. சராசரி ஆர்டர் 306 எங்கே, 540 எங்கே! இனி தள்ளுபடி கொடு என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

கணக்கன்
'யாரும்' என்றால் நான்தான், புரிகிறது. சராசரி ஆர்டர் வாங்கியவர்களை மட்டும்தான் எண்ணும். இரண்டு பாக்கெட்டைக் கூடையில் போட்டு, இன்னும் 139 ரூபாய்க்கு வாங்கு என்றதும் ஓடிப்போனவர் அதில் வரமாட்டார். 2000 கிளிக்குக்கு மொத்தம் என்ன மிஞ்சியது என்று பாருங்கள். தள்ளுபடியில் ஆர்டருக்கு 156, அறுபது பேருக்கு 9360. இலவச டெலிவரியில் மூன்று பாக்கெட் 600 கிராம், அரைக் கிலோ ஸ்லாபைத் தாண்டியாயிற்று, கூரியர் 95. ஆக ஆர்டருக்கு 220, நாற்பது பேருக்கு 8800. விளம்பரச் செலவு இரண்டுக்கும் அதே 6000. தள்ளுபடிதான் 560 ரூபாய் மேலே.

பொடிக்கடை மீனா
95 யார் சொன்னது? எனக்கு 60 தான். 60 போட்டால் 10,200. இப்போது யார் மேலே, சார்?

கணக்கன்
600 கிராமுக்கு 60 வாங்கும் கூரியர்காரர் யார்? உங்கள் சித்தப்பாவா? 95.

சேலைக்கடை ஜெயந்தி
எனக்கு இரண்டுமே நஷ்டம். பாதிப் பேர் கேஷ் ஆன் டெலிவரி போட்டுவிட்டு வாங்காமல் திருப்பி அனுப்புகிறார்கள். போன கூலியும் என் தலையில், வந்த கூலியும் என் தலையில். பொடிக்கு அப்படி இல்லையா?

கணக்கன்
ஜெயந்தி மேடம், அது வேறு கதை. இங்கே பேச்சு 95-ஐப் பற்றி.

அல்சூர் ராஜா
60 ஆர்டருக்கு 40 ஆர்டர் என்பதையே நம்பாதீர்கள். அடுத்த வாரம் 52-க்கு 46 என்று வரலாம், அப்போது கணக்கன் சொல்லும் 95-ஐப் போட்டாலும் இலவச டெலிவரிதான் ஜெயிக்கும். போதாக்குறைக்கு நேற்று மீனா அக்கா தளத்தைத் திறந்தேன். முகப்பில் மஞ்சள் பட்டையில் 'டெலிவரி இலவசம்' என்று எல்லோருக்கும் ஓடுகிறது. தள்ளுபடி விளம்பரத்திலிருந்து வந்தவரும் அதைத்தானே பார்த்தார்? அப்புறம் எது எதை ஜெயித்தது?

கணக்கன்
பட்டை இருக்கட்டும், முதலில் ஸ்லாபை ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். போன தீபாவளிக்கு லட்டு அனுப்பியபோதும் இதே பிடிவாதம்தான்.

பொடிக்கடை மீனா
லட்டை ஏன் இழுக்கிறீர்கள்? அன்றைக்கு உங்கள் எக்ஸெல்லில் ஒரு சைபர் அதிகம் இருந்ததை நான் இங்கே சொன்னேனா?

ஒயிட்ஃபீல்டு வாசி
அக்கா, ஒரே ஒரு கேள்வி. பெட்டி என்ன அளவு? இரண்டு பாக்கெட்டுக்கும் மூன்றுக்கும் அதே பெட்டியா?

பொடிக்கடை மீனா
அதே பெட்டிதான். 22, 16, 14 சென்டிமீட்டர். மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒயிட்ஃபீல்டு வாசி
அப்படியென்றால் எடையை விடுங்கள். மூன்று அளவையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 0.99 கிலோ. நிஜ எடை, பெட்டி அளவை வைத்து வரும் இந்த எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூரியர் பில் போடும். இரண்டு பாக்கெட்டுக்கும் 95 போயிருக்கும். வாடிக்கையாளர் கட்டியது 60, மீதி 35 உங்கள் கையிலிருந்து. தள்ளுபடியில் மிஞ்சுவது 156 இல்லை, 121. அறுபது ஆர்டருக்கு 7260.

பொடிக்கடை மீனா
ஆக 8800-க்கு 7260! நான் சொன்னதுதான் சரி!

கணக்கன்
நான் சொன்ன 95-ஐ வைத்துத்தான் நீங்கள் ஜெயிக்கிறீர்கள், கவனியுங்கள். 60 என்று சாதித்தது யார்?

ஒயிட்ஃபீல்டு வாசி
இரண்டு பாக்கெட்டைச் சின்னப் பெட்டியில் அனுப்பினால் மறுபடி 9360-க்கே போகும். உங்கள் பரிசோதனையில் பாதி பெட்டியைப் பற்றியது. எதற்கும் கூரியர் பேனலில் எடை வித்தியாசம் என்று பின்னால் பிடித்த தொகையைப் பாருங்கள். அது பத்து நாள் கழித்து வாலட்டில் கழியும், ஆர்டர் பக்கத்தில் தெரியாது.

சேலைக்கடை ஜெயந்தி
எனக்கும் அப்படிப் பிடித்தார்கள்! சேலையை மடித்துக் கவரில் போட்டதற்கு ஒரு கிலோ என்றார்கள். போட்டோ எடுத்து அனுப்பியும் பதில் இல்லை.

பொடிக்கடை மீனா
பார்த்தேன். ஏதோ பிடித்திருக்கிறார்கள். ஆனால் எல்லா ஆர்டருக்கும் இல்லை.

கணக்கன்
எத்தனைக்கு? எண்ணிக்கையைப் போடுங்கள்.

பொடிக்கடை மீனா
அடுப்பில் மிளகாய் வறுபடுகிறது. அப்புறம் போடுகிறேன்.

கணக்கன்
95.