46 மெயில், 3 கொட்டேஷன்: முதலாளிக்கு ஒரு பக்க மெமோ எப்படி எழுதுவது?

பர்ச்சேஸ்_புதுசு
கோவையில் ஒரு பவுடர் கோட்டிங் யூனிட்டில் பர்ச்சேஸ் பார்க்கிறேன், சேர்ந்து நான்கு மாதம். 30 எச்பி ஸ்க்ரூ கம்பிரசர் வாங்க இரண்டு மாதமாக மெயில் ஓடுகிறது. 3 பார்ட்டி, 46 மெயில், 7 பிடிஎஃப். "யாரிடம் வாங்கலாம், ஏன், ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு" என்றார் முதலாளி. தேதிவாரியாகச் சுருக்கினேன், நான்கு பக்கம் வந்தது. படித்துவிட்டு, "சரி, யாரிடம் வாங்குவது?" என்று மறுபடி அதையே கேட்டார்.

ஜிஎஸ்டி இல்லாமல் கடைசி விலை: ஏ 6,40,000, பி 6,85,000, சி 6,20,000. சி-தான் குறைவு என்று எழுதிவிடலாமா?

ரிட்டயர்டு_ஸ்டோர்ஸ்
இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? மூன்று கொட்டேஷன் வாங்கியாச்சு, குறைந்த விலைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதுதான். நான் இருந்த துறையில் அதை மீறினால் ஆடிட் அப்ஜெக்‌ஷன்.

பர்ச்சேஸ்_புதுசு
சார், எங்களுடையது தனியார் யூனிட், டெண்டர் எல்லாம் இல்லை.

கணக்கன்
ஜிஎஸ்டி சேர்த்த மொத்தத்தை ஒப்பிடுங்கள். பேங்கிலிருந்து போகிற பணம் அதுதானே.

மெஷின்_மாணிக்கம்
கணக்கன் சொல்வதில் பாதி சரி. கையில் எவ்வளவு பணம் வேண்டும் என்பதற்கு ஜிஎஸ்டி சேர்த்துதான் பார்க்க வேண்டும். ஆனால் கிரெடிட் எடுக்கிற கம்பெனி என்றால் வரி திரும்பி வந்துவிடும், ஒப்பிடும்போது அதை விட்டுவிடலாம்.

தம்பி, மெயிலைச் சுருக்காதீர்கள். மெயில் என்பது பேரம் நடந்த கதை, முதலாளிக்கு அது வேண்டாம். ஒவ்வொரு பார்ட்டியின் கடைசி கொட்டேஷனையும் முதல் கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள். ஃபைல் பெயரை நம்ப வேண்டாம், உள்ளே இருக்கும் கொட்டேஷன் நம்பரும் தேதியும்தான் கணக்கு. சி-யின் விலை முதலில் எவ்வளவு? ட்ரையர் உள்ளே இருக்கிறதா?

பர்ச்சேஸ்_புதுசு
முதலில் 7,10,000. மெயிலில் "உங்களுக்காக ஸ்பெஷல் விலை" என்று 6,20,000 வந்தது. இப்போது பார்க்கிறேன்... முதல் பிடிஎஃபில் ட்ரையருக்குத் தனி வரி, 85,000. இரண்டாவதில் அந்த வரியே இல்லை. நான்காம் பக்கத்தில் "வாங்குபவர் பொறுப்பு" என்ற தலைப்பில் ஃபவுண்டேஷன், கேபிளோடு சேர்த்து ட்ரையரையும் போட்டிருக்கிறார்கள்!

மெஷின்_மாணிக்கம்
அப்போ 90,000 குறைத்ததில் நிஜமான டிஸ்கவுண்ட் 5,000தான். ட்ரையரோடு சி 7,05,000. ட்ரையர் இல்லாமல் உங்களுக்கு ஓடாது, காற்றில் ஈரம் இருந்தால் பவுடர் கட்டிபிடிக்கும்.

ஏ, பி இருவரும் ட்ரையர் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார்களா? விலை எதுவரை?

பர்ச்சேஸ்_புதுசு
இரண்டிலும் ட்ரையர் உண்டு. பி, சி இருவரும் நம் இடம் வரை. ஏ எக்ஸ்-ஒர்க்ஸ், பேக்கிங் 2%. லாரி வாடகை விசாரித்தேன், 14,000.

மெஷின்_மாணிக்கம்
ஏ: 6,40,000 + 12,800 + 14,000 = 6,66,800. பி-யைவிட 18,200 குறைவு. ஆனால் எக்ஸ்-ஒர்க்ஸ் என்றால் வழியில் அடிபட்டால் நம் தலையில், டிரான்சிட் இன்ஷூரன்ஸும் நாம்தான் போட வேண்டும். பேமென்ட், டெலிவரி?

பர்ச்சேஸ்_புதுசு
ஏ: அனுப்பும் முன் முழுப் பணம், 8 வாரம். பி: 30% அட்வான்ஸ், மீதி கமிஷனிங் முடிந்து 30 நாளில். டெலிவரி 4 வாரம்.

லேத்_அண்ணாச்சி
எனக்கு இப்படித்தான் ஒரு சிஎன்சி வாங்கும்போது ஆனது. டிஸ்கவுண்டை மெயிலில் மட்டும் எழுதினார்கள், பிஓ-வில் பழைய கொட்டேஷன் நம்பரைப் போட்டுவிட்டேன். பில் பழைய விலைக்கே வந்தது. ஒரு மாதம் சண்டை.

மெஷின்_மாணிக்கம்
அண்ணாச்சி சொன்னது முக்கியம். மெயிலில் ஒப்புக்கொண்ட எதையும் திருத்திய கொட்டேஷனாக வாங்கிக்கொண்டு மெமோ எழுதுங்கள். வேலிடிட்டி தேதியையும் பாருங்கள், இரண்டு மாதப் பேரத்தில் ஒன்றாவது காலாவதி ஆகியிருக்கும்.

மெமோவின் முதல் வரியே முடிவாக இருக்கட்டும், இப்படி:

"பி-யிடம் 6,85,000 (ஜிஎஸ்டி தனி) விலைக்கு வாங்கப் பரிந்துரை. ஏ-யைவிட 18,200 கூடுதல், 4 வாரம் முன்னால் கிடைக்கும், 70% பணம் ஓடவிட்டுப் பார்த்தபின். சி-யின் 6,20,000-இல் ட்ரையர் இல்லை, சேர்த்தால் 7,05,000."

கீழே மூன்று பார்ட்டிக்கும் ஒரே அட்டவணை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்தக் கொட்டேஷன், எந்தத் தேதி என்று இருக்கட்டும். மெயிலை இணைப்பாக வையுங்கள், போதும்.

கணக்கன்
நான் ஏ-தான் சொல்வேன். வருடம் 12% வட்டி வைத்தாலும் 70% பணத்துக்கு ஒரு மாதத்துக்கு 4,800தான் ஆகிறது. 18,200-ஐ எப்படி ஈடுகட்டும்?

மெஷின்_மாணிக்கம்
பழைய கம்பிரசர் இன்னும் 8 வாரம் தாங்கும் என்றால் நீங்கள் சொல்வது சரி. அது தம்பிக்குத்தான் தெரியும்.

பர்ச்சேஸ்_புதுசு
மெயின்டனன்ஸ் அண்ணனிடம் கேட்டேன். "ஓடும், ஆனால் எழுதிக் கொடுக்க மாட்டேன்" என்கிறார். பி-யின் கொட்டேஷன் போன வாரமே காலாவதி, புதுப்பித்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.