கலைச்சொல் வேண்டும்: “டிபென்டென்சி பிராப்ளம்”

ராயபுரத்திலிருந்து

வணக்கம். பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு இடைவெளிக் கணக்கு, அதாவது ஒற்றை எண்ணுக்குப் பதில் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் வைத்துப் போடும் கணக்கு, நடத்தப்போகிறேன், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கும் ரகம். ஒவ்வொன்றும் [95, 105]. பேரலலாக இணைத்தால்:

```
R1*R2/(R1+R2)    -> [42.97, 58.03]
1/(1/R1 + 1/R2)  -> [47.5, 52.5]
```

இரண்டும் ஒரே வாய்பாடுதான். முதல் விடையும் பொய்யில்லை, உண்மையான மதிப்பு அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் அகலம் மூன்று மடங்கு. தொகுதியில் R1-க்கு 105, பகுதியில் அதே R1-க்கு 95 என்று வைத்துத்தான் 58 வந்தது. இதற்கு “சார்புச் சிக்கல்” சரியா?

திருவொற்றியூரிலிருந்து

சார், இது ரவுண்டிங் பிழைதானே? துல்லியத்தைக் கூட்டினால் போய்விடும்.

ராயபுரத்திலிருந்து

இல்லை தம்பி. ரவுண்டிங்குக்காகக் கீழ் எல்லையைக் கீழேயும் மேல் எல்லையை மேலேயும் தள்ளியிருக்கிறேன், உண்மைதான். அது இரண்டாம் தசமத்தில்தான் தெரியும். பின்னத்தை அப்படியே வைத்து எழுதினாலும் 11025/190, அதே 58தான்.

வியாசர்பாடியிலிருந்து

எங்கள் லேத் பட்டறையில் துளை [20.00, 20.02], தண்டு [19.97, 19.99] மில்லிமீட்டர். இடுக்கு [0.01, 0.05]. இதுவும் வீங்கியதா?

தண்டையார்பேட்டையிலிருந்து

வீங்கவில்லை அண்ணே. துளையும் தண்டும் வேறு வேறு பொருள், பெரிய துளைக்குச் சின்னத் தண்டு வந்து சேரலாம். x [2, 3] என்றால் x-x மட்டும் [-1, 1] என்று வருகிறதே, அங்கேதான் கோளாறு. இரண்டும் ஒரே x என்பது கணக்குக்குத் தெரியாது.

சொல்லுக்கு வருவோம். “சார்பு” பள்ளிப் புத்தகத்தில் ஃபங்ஷனுக்குப் போய்விட்டது. “சார்புச் சிக்கல்” என்றால் பிள்ளைகள் ஃபங்ஷனில் ஏதோ சிக்கல் என்பார்கள். என் யோசனை “மறுவரவு வீக்கம்”. ஒரே மாறி மறுபடி வருவதால் விடை வீங்குகிறது.

திருவொற்றியூரிலிருந்து

துண்டு போட்டால் வீக்கம் வடியும் சார். [2, 2.5], [2.5, 3] என்று வெட்டிப் போட்டேன், x-x [-0.5, 0.5] ஆனது.

தண்டையார்பேட்டையிலிருந்து

வடியும், ஆனால் எத்தனை துண்டு போட்டாலும் பூஜ்ஜியம் ஆகாது. பத்து மாறி இருந்தால் ஒவ்வொன்றையும் பாதியாக்கினாலே 1024 பெட்டி. முடிந்தவரை ஒவ்வொரு மாறியும் ஒரே தடவை வரும்படி வாய்பாட்டை மாற்றி எழுதுவதே மலிவு. எல்லா வாய்பாடும் அதற்கு மசியாது என்பது வேறு விஷயம்.

ராயபுரத்திலிருந்து

“மறுவரவு வீக்கம்” பிடித்திருக்கிறது, ஒரு நெருடல் மட்டும். x+x-இல் x இரண்டு தடவை வருகிறது, விடை [4, 6] கச்சிதம். மறுவரவு இருக்கிறது, வீக்கம் இல்லை. பிள்ளைகள் இதைக் கேட்டால் என்ன சொல்வது?

வியாசர்பாடியிலிருந்து

“ஆள்மறதி” என்று வைத்தால்? ஒரே ஆள் இரண்டு தடவை வந்தான், அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதானே.

தண்டையார்பேட்டையிலிருந்து

சிரித்துவிட்டேன் அண்ணே. ஆனால் x+x-இலும் அந்த மறதி உண்டு, சேதம்தான் இல்லை. அப்படிப் பார்த்தால் உங்கள் சொல் என்னுடையதைவிடக் காரணத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. புத்தகத்தில் அச்சடிக்கத்தான் கூச்சமாக இருக்கும்.