மாடு நாள் முழுக்கக் காலை உதறுகிறது: ஈயும் பேனும் போகப் பால் கெடாத வழி என்ன?

வெண்ணாற்றங்கரை
நீடாமங்கலம் பக்கம். கறவையில் மூன்று ஜெர்சிக் கலப்பு, ஒரு எருமை, ஐந்து மாத எருமைக் கன்று ஒன்று. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து கொட்டகையில் ஈ தாங்கவில்லை. சாணியைக் காலை, மாலை இரண்டு வேளையும் அள்ளிவிடுகிறோம். சிமெண்ட் தரை, பினாயில் ஊற்றிக் கழுவுகிறோம். அப்படியும் வெயில் ஏறியதும் மாடுகள் முன்னங்காலை மாற்றி மாற்றி உதறுகின்றன, கறக்கும்போது வாளியை உதைக்கின்றன. மூன்று மாட்டிலும் சேர்த்து நாளைக்கு 2 லிட்டர் பால் குறைந்திருக்கிறது. எருமைக் கன்று கழுத்தைத் தூணில் தேய்த்துத் தேய்த்து முடி கொட்டிப்போச்சு. மயிரை விலக்கினால் பேன்.

மருந்துக் கடையில் ஐவர்மெக்டின் ஊசியை எல்லா உருப்படிக்கும் போடச் சொல்கிறார்கள். பால் சங்கத்துக்கு ஊற்றுகிறோம், அதனால் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

கொரடாச்சேரி மணி
அண்ணே, ஈக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். பழைய தண்ணி பாட்டிலின் மேல்பாகத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகி, உள்ளே வெல்லத் தண்ணியும் அழுகின வாழைப்பழமும் போட்டுக் கொட்டகையில் நாலு இடத்தில் தொங்கவிடுங்க. ஒரு நாளில் பாட்டில் கறுத்துப்போகும். சாயங்காலம் வேப்பிலை, நொச்சி போட்டு மூட்டம். அவ்வளவுதான்.

திருவையாறு கால்நடை மருத்துவர்
மணி சொல்வது வீட்டு ஈக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மாடு முன்னங்காலை உதறுகிறது என்றால் அது வீட்டு ஈயாக இருக்க வாய்ப்பு குறைவு. வீட்டு ஈ கண்ணிலும் மூக்கிலும் மொய்க்கும், கடிக்காது. காலைக் கடிப்பது கொட்டகைக் கடி ஈ. அதற்கு வேண்டியது ரத்தம், வெல்லத்தை அது சீந்தாது. பாட்டில் நிறைய ஈ விழும், மாடு உதறுவது மட்டும் நிற்காது.

முதலில் ஒரு ஈயைப் பிடித்துப் பாருங்கள். வாய் தலைக்கு முன்னால் ஊசிபோல நேராக நீட்டியிருந்தால் கடி ஈ. சுவரில் உட்காரும்போது பெரும்பாலும் தலை மேலே பார்த்திருக்கும். அப்புறம் காலை 9 மணி வாக்கில் மாட்டின் ஒரு முன்னங்காலை மட்டும் ஒரு நிமிடம் பார்த்து எண்ணுங்கள். ஒரு காலில் 5 ஈக்கு மேல் இருந்தால் பால் குறையும் அளவுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். தின்னாமல் விட்ட வைக்கோல் கூளத்தை எங்கே தள்ளுகிறீர்கள்?

வெண்ணாற்றங்கரை
டாக்டர், ஊசி வாய்தான். இன்று எண்ணினேன், ஒரு மாட்டுக்கு 11, இன்னொன்றுக்கு 14. கூளத்தைத் தொட்டிக்குப் பின்னால் தென்னை மரத்தடியில் தள்ளுவோம். மூத்திர வாய்க்காலும் அங்கேதான் போய் விழும். எருக்குழி அதற்கு அப்பால்.

திருவையாறு கால்நடை மருத்துவர்
உங்கள் ஈ அங்கேதான் பிறக்கிறது. கடி ஈக்குத் தனிச் சாணியைவிட, சாணியும் மூத்திரமும் ஊறி ஊசிப்போன வைக்கோல்தான் பிடித்த இடம். டெல்டாவில் குறுவை வைக்கோல் மழையில் நனைந்தே வீட்டுக்கு வருவதால் ஐப்பசி, கார்த்திகையில் இது கூடுகிறது. நீங்கள் தினமும் கழுவுகிற தரையில் ஒரு புழுகூட இருக்காது. கழுவுகிற தண்ணீர் போய் ஊறுகிற கூளத்தில் இருக்கும்.

ஒரு குச்சியால் அந்தக் கூளத்தை நாலு விரல் ஆழத்துக்குக் கிளறுங்கள். மேல்பகுதி காய்ந்திருக்கும், கீழே கறுத்து வழுவழுப்பாக இருக்கும். அந்த இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளைப் புழுவும், நெல்மணியைவிடச் சற்றுச் சின்னதாகச் செம்பழுப்பு நிறக் கூட்டுப்புழுவும் கிடக்கும். இதேபோல வைக்கோல் போரின் அடி விளிம்பு, தீவனத் தொட்டியின் மூலை, ரப்பர் பாய் போட்டிருந்தால் அதன் அடி என மூன்று இடத்தையும் கிளறிப் பாருங்கள்.

செய்ய வேண்டியது: கூளத்தைச் சாணியோடு சேர்த்து ஒரே குவியலாகக் கட்டி, கறுப்புத் தார்ப்பாய் போட்டு, விளிம்பில் மண் அணைத்து மூடுங்கள். குவியலின் நடுவில் சூடேறிப் புழு செத்துவிடும். ஆனால் ஓரம் ஆறியே கிடக்கும், புழுக்கள் அங்கே ஒதுங்கித் தப்பித்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஓரத்தை வெட்டி நடுவில் போட்டுத் திரும்ப மூட வேண்டும். பலர் இந்த வேலையை விட்டுவிட்டு, மூடியும் ஈ குறையவில்லை என்கிறார்கள். மழை விட்ட நாளில் கூளத்தை விரல் கனத்துக்கு மேல் போகாமல் வெயிலில் பரப்பிவிட்டாலும் போதும். ஈரம் போனால் புழு பிழைக்காது.

முட்டையிலிருந்து ஈயாக இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதனால் சுத்தம் செய்த மறுநாளே ஈ குறையாது, மூன்றாவது வாரத்தில்தான் தெரியும். நடுவில் மனம் தளர்ந்து மருந்தடிக்கப் போகாதீர்கள். இந்த ஈ ஒரு நாளில் சில நிமிடம்தான் மாட்டின் மேல் இருக்கும். மீதி நேரம் சுவரிலும் வேலியிலும் இருக்கும். காலில் அடித்த மருந்து நனைந்த புல்லிலும் சேற்றிலும் கழுவிப் போய்விடும்.

பினாயிலைக் கறவை நேரத்தில் ஊற்றாதீர்கள். பாலின் கொழுப்பு வாடையைப் பிடித்துக்கொள்ளும். மணி சொன்ன மூட்டத்துக்கும் இதே விதிதான். அது கொசுவை விரட்டும், ஆனால் பாலைக் கறந்து கேனை மூடி வெளியே எடுத்த பிறகுதான் போட வேண்டும்.

கூத்தாநல்லூர் அக்கா
கோழிக் கூண்டு கொட்டகையோடு ஒட்டி இருக்கு. ராத்திரி உடம்பெல்லாம் அரிக்குது, கோழியிலேயும் பொடிப்பொடியாச் சிவப்பா ஊருது. அதே பேன் மாட்டுக்கும் போயிருக்குமோ? நானும் அந்த ஊசியைத்தான் கேட்கலாம்னு இருக்கேன்.

திருவையாறு கால்நடை மருத்துவர்
அக்கா, அது பேன் இல்லை, கோழிச் செள். பகலில் மரச்சட்ட இடுக்கில் பதுங்கிக்கொண்டு ராத்திரி வந்து கடிக்கும், மனிதரையும் விடாது. கூண்டைக் காலி பண்ணி இடுக்கெல்லாம் கொதிநீர் ஊற்றிக் காயவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். மாட்டுப்பேன் கோழியிலோ மனிதரிலோ பிழைக்காது, எருமைப் பேனும் அப்படித்தான். கேள்வி கேட்டவரின் கன்றுக்கு உள்ளது வேறு பிரச்சினை.

கொரடாச்சேரி மணி
சரி டாக்டர், ஈ விஷயத்தில் ஒத்துக்கறேன். பேனுக்கு? வயலுக்கு அடிக்கிற மருந்தில் கொஞ்சம் கலந்து தடவுற பழக்கம் எங்கள் பக்கம் உண்டு.

திருவையாறு கால்நடை மருத்துவர்
அதை மட்டும் செய்யாதீர்கள். வயல் மருந்து தோல் வழியாக இறங்கும், மாடு நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். எச்சில் ஒழுகி, நடுங்கி, மூச்சு வாங்கி விழும். முன்பு இதற்குப் பரவலாகப் பயன்பட்ட டைக்குளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. பழைய பாட்டில் எங்காவது கிடந்தாலும் எடுக்காதீர்கள்.

ஐவர்மெக்டினும் கறவைக்கு வேண்டாம். அது வாரக்கணக்கில் பாலில் வரும். சினையாக இருந்தாலும் கன்று ஈனுவதற்கு 28 நாளுக்குள் போடக் கூடாது. இன்னொரு குறையும் உண்டு. ரத்தம் உறிஞ்சும் பேனை ஊசி கொல்லும், தோலைக் கடித்து வாழும் பேனை முழுசாகக் கொல்லாது. எருமையில் பார்ப்பது பெரும்பாலும் உறிஞ்சும் பேன். ஊசி போடலாமா என்ற கேள்வி கறக்காத கன்றுக்கு மட்டும்தான். அதையும் எடை பார்த்து உள்ளூர் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மற்றவற்றுக்குக் கால்நடைக்கென விற்கும் 1.25 சதவீத டெல்டாமெத்ரின் போதும். 10 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. வளர்ந்த மாட்டுக்கு இரண்டு, மூன்று லிட்டர் கரைசல், கன்றுக்கு ஒரு லிட்டருக்குள். லேபிளில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. பாலுக்குக் காத்திருக்கச் சொல்லியிருக்கும் நாளையும் அதில் படியுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

காலைக் கறவை முடிந்து, மாடு வயிறு நிறையத் தண்ணீர் குடித்த பிறகு தெளியுங்கள். தாகமாக இருந்தால் உடம்பை நக்கும். கழுத்து, திமில், வால் அடி, காதின் பின்புறம், மார்புச் சதை, இந்த இடங்களில் மயிருக்கு எதிராகத் தேய்த்து அடிக்க வேண்டும். கண், மூக்கு, மடி, புண் இவற்றில் படக் கூடாது. தொட்டியையும் தீவனத்தையும் மூடுங்கள். மாலைக் கறவைக்கு முன் மடியைக் கழுவித் துணியால் துடையுங்கள். எல்லா உருப்படிக்கும் ஒரே நாளில் அடிக்க வேண்டும், ஒன்றை விட்டால் அதிலிருந்தே மறுபடி பரவும்.

மருந்து பேனைக் கொல்லும், ஈறைக் கொல்லாது. ஈறு பொரிய ஒன்று, இரண்டு வாரம் ஆகும். அதனால் 14-வது நாள் மறுபடி அடியுங்கள். முதல் தடவையே அரிப்பு நின்றுவிடும், பலர் இரண்டாவதை விட்டுவிடுவார்கள். ஒரு மாதத்தில் பழைய கதை.

களைக்கொல்லி அடித்த தெளிப்பானை எடுக்காதீர்கள், எவ்வளவு கழுவினாலும் குழாயில் தங்கியிருக்கும். அன்றைக்கு மாட்டைக் குளத்திலோ வாய்க்காலிலோ இறக்கவும் வேண்டாம், இந்த மருந்து மீனை உடனே கொல்லும்.

கன்றின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது, தெளிப்பது மட்டும் போதாது. 1962-க்குக் கூப்பிட்டு மருத்துவரை வரவழையுங்கள்.

பசுமைப் பட்டுக்கோட்டை
ரசாயனம் இல்லாமல் வழி உண்டே. பூண்டு 10 பல், வேப்பிலை, துளசி, உன்னிச்செடி இலை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம் அரைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டித் தெளிக்கலாம். வேப்பம்பழம் கிடைத்தால் ஒரு கைப்பிடி சேர்க்கவும். வாரம் ஒருமுறை, வெயில் நேரத்தில். கறவைக்கு இதுதான் பத்திரம்.

திருவையாறு கால்நடை மருத்துவர்
உண்ணிக்குக் கால்நடைப் பல்கலைக்கழகம் பரப்பிய கலவை இது, கொட்டகை இடுக்கிலும் தெளிக்கலாம். பேன் லேசாக இருந்தால் இதையே முதலில் பாருங்கள் என்பேன். முடி கொட்டிய கன்றுக்கு இதை மட்டும் நம்பி இருக்க மாட்டேன். பூண்டு வாடையும் பாலில் ஏறும், அதனால் இதையும் கறந்த பிறகே.

பசுமைப் பட்டுக்கோட்டை
விடாமல் ஆறு வாரம் தெளித்தால் கன்றுக்கும் போகும் என்றே நினைக்கிறேன். இதில் ஒத்துவர முடியவில்லை டாக்டர்.

வெண்ணாற்றங்கரை
26 நாள் ஆச்சு, நிலவரம் சொல்லிவிடுகிறேன். கூளத்தைக் கிளறியபோது ஒரு கைப்பிடியில் முப்பது கூட்டுப்புழு வந்தது. குவியலாகக் கட்டி மூடினோம், வாரா வாரம் ஓரத்தைத் திருப்புகிறோம். மூத்திர வாய்க்காலைச் சரி பண்ணினோம், ஐந்து அடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு கொடுத்ததும் தண்ணி தங்குவதில்லை. கொட்டகைக்கு வெளியே வெயில் படும் இடத்தில் நீலத் தகரத்தை முழங்கால் உயரத்தில் நட்டு விளக்கெண்ணெய் தடவியிருக்கிறோம், அதிலும் ஒட்டுகிறது. மாடுகள் எல்லாவற்றுக்கும் இரண்டு தடவை தெளித்தாச்சு. முதல் தடவை லேபிளில் போட்டிருந்த நாள் வரை பாலைச் சங்கத்துக்கு ஊற்றவில்லை, இரண்டாவது தடவையும் அப்படியே.

இப்போது ஒரு காலில் 3 அல்லது 4 ஈ. வாளியை உதைப்பது நின்றது. பால் ஒன்றரை லிட்டர் கூடியிருக்கிறது. கன்றுக்குப் பேன் இல்லை, முடி மெதுவாக வருகிறது. ஆனால் காற்று தெற்கிலிருந்து அடிக்கிற நாளில் ஈ மறுபடி எட்டு, ஒன்பது ஆகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் பங்காளி வீட்டு வைக்கோல் போர், அடி முழுக்க ஊறிக் கிடக்கிறது. அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

கூத்தாநல்லூர் அக்கா
ஒரு குச்சியால் கிளறி அந்தப் புழுவை அவர் கண்ணிலேயே காட்டுங்க தம்பி. அவர் மாடும் காலை உதறிக்கிட்டுத்தானே நிக்கும்.