மூச்சை இழுக்கும்போது கீழ் விலாக்கள் உள்ளே போகின்றன, ஏன்?

இளம்பிசியோ

வணக்கம். மார்பு வார்டில் பயிற்சியில் இருக்கிறேன். 60 வயதைத் தாண்டிய ஒரு நோயாளி, நெடுநாள் புகைபிடித்தவர், கடுமையான சி.ஓ.பி.டி. சட்டையைக் கழற்றி உட்காரவைத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அவர் மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் கழுத்துத் தசைகள் புடைக்கின்றன, நெஞ்சின் மேல்பகுதி முழுதாக எழும்புகிறது. ஆனால் இரண்டு பக்கமும் கீழ் விலாக்கள் உள்நோக்கி இழுபடுகின்றன.

டயாஃப்ரம் சுருங்கினால் கீழ் விலாக்கள் வாளிக் கைப்பிடி போல வெளியே எழும்பும், மார்பின் அகலம் கூடும் என்றுதான் படித்தேன். இங்கே அதே தசை அதே விலாக்களில்தான் ஒட்டியிருக்கிறது. அப்படியிருக்க ஏன் எதிர்த்திசையில் போகிறது? விலா உள்ளே போனால் காற்று எப்படி உள்ளே வருகிறது?

மூச்சுப்பயிற்சியாளர்

இது எளிதான விஷயம் தங்கை. டயாஃப்ரம் களைத்துப்போய் வேலை செய்யவில்லை. கழுத்துத் தசைகள் மட்டும் இழுப்பதால் நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, கீழ்ப்பகுதி உறிஞ்சப்படுகிறது. வயிற்றில் கை வைத்து வயிற்று மூச்சு பழக்குங்கள், சரியாகிவிடும்.

விலாக்கணக்கு

மேலே சொன்னதில் உறிஞ்சல் என்ற பாதி சரி. டயாஃப்ரம் வேலை செய்யவில்லை என்று மட்டும் இப்போதே முடிவுகட்ட வேண்டாம். இளம்பிசியோ, ஒன்று சொல்லுங்கள். விலா உள்ளே போகும் அதே நேரத்தில் வயிறு எந்தப் பக்கம் போகிறது? வெளியேயா, உள்ளேயா? படுத்தால் மூச்சு இன்னும் மோசமாகிறதா? இந்த இரண்டும் தெரியாமல் பேசுவதில் பயனில்லை.

(நான் நுரையீரல் பிரிவில் பிசியோவாக வேலை செய்கிறேன், மாணவர்களுக்கும் எடுக்கிறேன்.)

இளம்பிசியோ

பார்த்துவிட்டு வந்தேன் சார். மூச்சை இழுக்கும்போது வயிறு வெளியேதான் வருகிறது, கொஞ்சமாக. படுத்தால் சிரமம் என்கிறார், ஆனால் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டால் சமாளிக்கிறார்.

விலாக்கணக்கு

அப்படியானால் டயாஃப்ரம் சுருங்குகிறது. அது முழுதாகச் செயலிழந்திருந்தால், மற்ற தசைகள் நெஞ்சை விரிக்கும்போது அது மேலே உறிஞ்சப்பட்டு, வயிறு உள்ளே குழியும். இவருடைய டயாஃப்ரம் வயிற்றைத் தள்ளுகிறது. விலாவைத் தூக்க மட்டும்தான் அதனால் முடியவில்லை. இதற்குப் பெயர் ஹூவர் அறிகுறி. ஹூவர் என்ற மருத்துவர் 1920-ல் எழுதியது.

காரணம் புரிய, நார்கள் போகும் பாதையைப் பாருங்கள். கீழ் விலாக்களின் உட்பக்கத்தில் தொடங்கும் டயாஃப்ர நார்கள் உடனே நடுவை நோக்கித் திரும்புவதில்லை. விலாச்சுவரை ஒட்டியபடி நேராக மேலே ஏறி, பிறகுதான் குவிமாடமாக வளைகின்றன. அந்த ஒட்டிய இடத்தில் விலாவுக்குப் பின்னால் இருப்பது நுரையீரல் இல்லை. டயாஃப்ரமும், அதற்கு உள்பக்கம் கல்லீரல், இரைப்பை, மண்ணீரலும்தான். ஆரோக்கியமான ஒருவர் நின்றபடி சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும் நேரத்தில், விலாக்கூட்டின் உட்பரப்பில் கால் பங்குக்குக் குறையாத இடம் இப்படித்தான் இருக்கும்.

இனி சுருக்கம். அமைதியான மூச்சில் குவிமாடம் 1 முதல் 2 செ.மீ. இறங்கும். வயிற்று உறுப்புகள் நசுங்காதவை, அதனால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் ஒட்டிய இடத்தின் வழியாக விலாக்களை உள்ளிருந்து வெளியே தள்ளும். கூடவே இன்னொன்று. குவிமாடத்தைக் கீழே இருக்கும் உறுப்புகள் தாங்கிப் பிடிப்பதால், நார்கள் தங்கள் கீழ்நுனியை, அதாவது விலாவை, மேல்நோக்கி இழுக்கும். சாய்ந்து தொங்கும் விலா மேலே தூக்கப்பட்டால் வெளியே விரியும். நீங்கள் படித்த வாளிக் கைப்பிடி அசைவு இதுதான். ஆக, நார்கள் நேர்குத்தாக ஏறுவதும் வயிறு தாங்குவதும் சேர்ந்தால்தான் அது நடக்கும்.

உங்கள் நோயாளிக்கு நுரையீரலில் காற்று தேங்கிவிட்டது. மூச்சை விட்டு முடித்த பிறகும் நெஞ்சு ஊதியே இருக்கிறது. குவிமாடம் முன்பே கீழே இறங்கித் தட்டையாகக் கிடக்கிறது. விலாச்சுவரில் ஒட்டிய நீளம் சுருங்கிப்போகிறது, நார்கள் ஏறக்குறைய கிடைமட்டமாக நடுவை நோக்கி ஓடுகின்றன. இந்த நிலையில் சுருங்கினால் விலாவை மேலே இழுக்க வழியில்லை, உள்ளே இழுக்கத்தான் முடியும். வயிற்று அழுத்தம் படவேண்டிய இடத்தில் இப்போது நெஞ்சுக்குள் உண்டாகும் உறிஞ்சல் படுகிறது. அதுவும் உள்ளேயே இழுக்கிறது.

குட்டியின்அம்மா

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் 8 மாதக் குழந்தைக்கு இரண்டு நாளாகச் சளி. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. இதுவும் ஹூவர் அறிகுறிதானா? நுரையீரல் ஊதியிருக்குமா?

விலாக்கணக்கு

அம்மா, இதை வைத்துக் காத்திருக்காதீர்கள். குழந்தையை இப்போதே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பால் குடிக்கத் திணறினாலோ, மூச்சு வேகமாக ஓடினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்கு. அங்கே போனதும் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.

காரணம் கேட்டீர்கள், அதையும் சொல்கிறேன். கைக்குழந்தையின் விலாக்கள் பெரியவர்களைப் போலச் சாய்ந்திருக்காது, கிடையாகவே இருக்கும். அவற்றைத் தூக்கிப் பெரிதாக அகலப்படுத்த முடியாது. விலா மென்மையாகவும் இருப்பதால், காற்றுவழி அடைத்து, இழுக்கும் விசை கூடியதும் நெஞ்சு உள்ளே குழிகிறது. ஒரு பெரியவரின் பல வருட நோயோடு இதை ஒப்பிட வேண்டாம்.

உடற்கூற்று_ஆசிரியை

விலாக்கணக்கு சொன்னதை ஏற்கிறேன். இளம்பிசியோவின் இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

விலா உள்ளே போனாலும் மார்பின் மொத்தக் கொள்ளளவு கூடினால் போதும், காற்று வரும். ஒரு கற்பனைக் கணக்கு: நெஞ்சின் மேல்பகுதி எழும்பியதில் 400 மி.லி. கூடியது, டயாஃப்ரம் வயிற்றைத் தள்ளியதில் 150 கூடியது, கீழ் விலா உள்ளே போனதில் 50 குறைந்தது. நிகரம் 500. காற்று வந்துவிட்டது. ஆனால் அந்த 50-ஐ ஈடுகட்டவும் யாரோ உழைத்திருக்கிறார்கள், அது வீண் உழைப்பு.

மேல்பகுதியைத் தூக்குவது யார் என்றால், ஸ்கேலீன் தசைகள் முதல் இரண்டு விலாக்களை இழுக்கின்றன, ஸ்டெர்னோமாஸ்டாய்ட் மார்பெலும்பைத் தூக்குகிறது. இரண்டும் சேர்ந்து மார்பெலும்பை மேலும் முன்னும் கொண்டுவருவதால், முன்பின் ஆழம் கூடுகிறது. மாணவர்கள் இரண்டையும் ஒரே பட்டியலில் துணைத்தசை என்று எழுதுகிறார்கள், எனக்கு அது உவப்பில்லை. ஸ்கேலீன் நாம் அமைதியாக உட்கார்ந்து மூச்சு விடும்போதுகூட வேலை செய்கிறது. ஸ்டெர்னோமாஸ்டாய்ட் அப்படியில்லை, தேவை கூடினால்தான் வரும். ஓய்வாக உட்கார்ந்திருப்பவரின் கழுத்தில் அது ஒவ்வொரு மூச்சுக்கும் புடைக்கிறது என்றால் அவர் நிஜமாகவே சிரமப்படுகிறார்.

மூச்சுப்பயிற்சியாளர்

சரி, டயாஃப்ரம் வேலை செய்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பலவீனமாக இருக்கிறது அல்லவா? வயிற்று மூச்சு பழக்கினால் பலம் வராதா?

விலாக்கணக்கு

இவருக்கு நான் தரமாட்டேன். தட்டையான டயாஃப்ரத்தை இன்னும் வேகமாகச் சுருக்கச் சொன்னால், கீழ் விலா இன்னும் உள்ளே போகும். நெஞ்சும் வயிறும் ஒன்றுக்கொன்று எதிராக அசைவது கூடும், பலருக்கு மூச்சுத்திணறலும் கூடும். நெஞ்சு இவ்வளவு ஊதாதவர்கள் விஷயம் வேறு.

இவருக்கு முதலில் தேங்கிய காற்று குறைய வேண்டும். மருத்துவர் தரும் மூச்சுக்குழாய் விரிப்பு மருந்தின் வேலை அது. உதட்டைக் குவித்து மெதுவாக, நீளமாக மூச்சை விடவையுங்கள். விடும் நேரம் நீண்டால் உள்ளே மிஞ்சும் காற்று குறையும். அப்புறம் முன்னால் குனிந்து முழங்கையை மேசையில் ஊன்றி உட்காரச் சொல்லிப் பாருங்கள். வயிற்று உறுப்புகள் மேலே தள்ளி டயாஃப்ரத்தைக் கொஞ்சம் நீட்டும். கை ஊன்றியிருப்பதால் மார்புத்தசைகள் கையை அசைப்பதை விட்டுவிட்டு விலாவைத் தூக்க வரும்.

அளந்து பார்க்க ஒரு வழி: முன்னால் நின்று, இரண்டு கட்டைவிரலையும் கீழ் விலா விளிம்பில், நெஞ்சுக்குழிக்குப் பக்கத்தில் வையுங்கள். தோல் மட்டும் வழுக்காதபடி லேசாக அழுத்தினால் போதும். ஆழமாக இழுக்கச் சொல்லாதீர்கள், அவருடைய வழக்கமான மூச்சே போதும். விரல்கள் விலகினால் இயல்பு, நெருங்கினால் ஹூவர்.

உடற்கூற்று_ஆசிரியை

ஒரு சின்ன மாறுபாடு. தட்டையாவதுதான் காரணம் என்றால், நெஞ்சு நன்றாக ஊதிய எல்லோருக்கும் இது இருக்க வேண்டுமே? இல்லையே. தசை இழுப்பை விட, அடைத்த காற்றுவழியை எதிர்த்து உண்டாகும் உறிஞ்சலுக்கே பெரிய பங்கு என்று நினைக்கிறேன்.

விலாக்கணக்கு

நியாயமான கேள்வி, எல்லோருக்கும் இருப்பதில்லை என்பது உண்மை. எந்தப் பங்கு எவ்வளவு என்பதை ஒரு நோயாளியைப் பார்த்து என்னால் பிரிக்க முடியாது. ஆனால் தேங்கல் குறையும்போது அறிகுறியும் குறைவதை வார்டில் பார்த்திருக்கிறேன், அதனால் வடிவத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

இளம்பிசியோ

கட்டைவிரல் வைத்துப் பார்த்தேன். நிமிர்ந்து உட்காரும்போது விரல்கள் தெளிவாக நெருங்குகின்றன. மேசையில் குனிந்தபோது நெருக்கம் குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. கழுத்துத் தசையும் கொஞ்சம் தளர்ந்தது, அவரே இதமாக இருக்கிறது என்றார். ஒன்றுதான் புரியவில்லை. நோயாளியின் இடது பக்கத்தில் வைத்த கட்டைவிரல் வலது பக்கத்தில் வைத்ததை விட அதிகம் உள்ளே போகிறது. காற்றுத் தேக்கம் இரண்டு பக்கமும்தானே இருக்கும்?

விலாக்கணக்கு

இரண்டு பக்கமும் சரிசமமாக இருக்கும் என்று இல்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் தெளிவாகக் கூடினால் நான் ஊதிய நுரையீரலோடு நிறுத்தமாட்டேன். அந்தப் பக்கம் நீர் கோத்திருந்தாலும், காற்று வெளியேறி நெஞ்சுக்கூட்டில் நின்றாலும், டயாஃப்ரம் கீழே தள்ளப்பட்டு இதேபோல நடக்கலாம். தட்டிப் பாருங்கள், மூச்சொலி இரண்டு பக்கமும் ஒன்றா கேளுங்கள். இன்றைக்கே வார்டு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும்.

இளம்பிசியோ

இடது கீழ்ப்பக்கம் மூச்சொலி குறைவாகத்தான் கேட்கிறது. சொல்லிவிட்டேன், எக்ஸ்ரேவுக்கு எழுதியிருக்கிறார்கள்.