புதுப்பிப்பு: நகைக் கடன் ஏல நோட்டீசுக்கு அவகாசம் கேட்ட விஷயம்

நான் முன்பு கேட்டது: "அசல் 1,20,000, வட்டி 19,000. ஏல நோட்டீஸ் வந்துவிட்டது. கையில் 25,000 இருக்கிறது. கட்டினால் ஏலம் நிற்குமா?"

ஏலம் தள்ளிப்போயிருக்கிறது, ரத்தாகவில்லை.

"வட்டியைக் கட்டினாலே போதும்" என்று ஒரு தம்பி சொன்னது பாதிதான் சரி. தவணைக்காலம் முடிந்த கடன் என்றால், வட்டி கட்டியும் ஏலப் பட்டியலில் பெயர் நிற்கலாம். 25,000-ல் 19,000 வட்டிக்கும், 400 நோட்டீஸ் செலவுக்கும் போனது. அசலில் கழிந்தது 5,600 மட்டுமே.

வங்கியில் வேலை பார்த்த அண்ணன் சொன்னபடி, பணம் கட்டும் முன்பே இரண்டு பிரதியில் கடிதம் கொடுத்தேன். கடன் எண், நோட்டீஸ் தேதி, இன்று கட்டும் தொகை, மீதியைக் கட்டும் தேதி ஆகிய நான்கும்தான் அதில். "சீக்கிரம் கட்டுகிறேன்" என்று எழுதினால் மேலதிகாரி ஒப்புதல் தரமாட்டாராம். சீட்டு முதிர்கிற நாளுக்கு இரண்டு நாள் தள்ளி 28-ஆம் தேதி என்று எழுதினேன். ஒரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டேன்.

ஏலப் பட்டியல் தலைமை அலுவலகத்தில் தயாராகிறது. அதனால் கிளை மேலாளரின் வாய்வார்த்தை போதாது. நிறுத்தியதை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். ரசீதில் தொகை கடன் கணக்கிலேயே வரவானதா என்றும் பாருங்கள்.

கூட்டுறவுச் சங்கத் தள்ளுபடி பற்றிக் கேட்ட அக்கா, இது தனியார் நிறுவனக் கடன்.

28-க்குள் முடியாவிட்டால் ஒரு வளையலை மட்டும் மீட்டு விற்கலாமா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.